குரல் முந்துது, உதடு பிந்துது: டிவியில் லிப் சிங்க்கை சரி பண்ணுவது எப்படி?

டிவியில மோஷன் ஸ்மூத்திங் ஆன் பண்ணா படம் வழுக்கிட்டு ஓடும். ஆனா டிவிக்கு வெளியே இருக்கற ஸ்பீக்கர்ல ஆடியோ கேட்கறவங்களுக்கு அதோட இன்னொன்னும் சேர்ந்து வரும்: ஹீரோ வாய் திறக்கறதுக்கு முன்னாடியே டயலாக் காதுல விழுந்துடும். ஏன் இப்படி ஆகுது, எத்தனை மில்லிசெகண்ட் தள்ளணும், அதை எப்படி அளக்கறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல காரணம். பெரும்பாலான சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம். அதாவது ஒரு ஃப்ரேம் வந்து அடுத்தது வர 41.7 மில்லிசெகண்ட் ஆகும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இல்லாத ஃப்ரேம்களை டிவி தானே வரைஞ்சு சேர்க்கறதுதான் மோஷன் ஸ்மூத்திங். ஒரு பந்து இடதுலேர்ந்து வலதுக்குப் போகுதுன்னா, நடுவுல அது எங்க இருந்திருக்கும்னு கண்டுபிடிக்க, அது எங்க போய்ச் சேர்ந்ததுன்னு டிவிக்குத் தெரியணும். அதனால அடுத்த ஃப்ரேம் கைக்கு வர்ற வரைக்கும் முந்தின ஃப்ரேமைப் பிடிச்சு வச்சே ஆகணும். டிஎஸ்பி கிளாஸ்ல பார்த்த நான்-காசல் ஃபில்டர் கதையேதான். எதிர்கால சாம்பிள் வேணும்னா காத்திருக்கணும். சிப் எவ்வளவு வேகமா இருந்தாலும் இந்தக் காத்திருப்பு போகாது. நாய்ஸ் ரிடக்‌ஷன் மாதிரி மத்த வேலைகளும் சேர்ந்தா தாமதம் இன்னும் ஏறும்.

டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல இது தெரியாது, ஏன்னா படம் எவ்வளவு பிந்துதுன்னு டிவிக்கே தெரியும், ஆடியோவையும் அதே அளவு பிடிச்சு வச்சு விடும். சிக்கல் வர்றது ஆடியோ டிவிக்குள்ள போகாம வேற வழியா போகும்போதுதான். எங்க ஹாஸ்டல் காமன் ரூம் செட்டப்பையே எடுத்துக்குவோம். லேப்டாப்லேர்ந்து எச்டிஎம்ஐ வழியா படம் டிவிக்குப் போகுது. அதே லேப்டாப்போட ஹெட்ஃபோன் ஜாக்லேர்ந்து ஆடியோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் போகுது. படம் டிவிக்குள்ள வரிசையில நிக்குது, ஆடியோ நேரா வெளிய வந்துடுது.

இதுல ஒரு நல்ல விஷயம், ஆடியோ முந்துதுன்னா அதை நாமளே பிந்த வைக்கலாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிறைய பேர் காதால கேட்டே செட் பண்ணுவாங்க: ஆடியோ முன்னாடி வர்ற மாதிரி தெரியற இடம் ஒண்ணு, பின்னாடி வர்ற மாதிரி தெரியற இடம் ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பர். இதுல ஒரு பொறி இருக்கு. ஐடியூ-வோட BT.1359 பரிந்துரைப்படி, ஆடியோ சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே நமக்குத் தெரிஞ்சுடும். ஆனா பிந்தினா சுமார் 125 மில்லிசெகண்ட் வரைக்கும் தெரியாது. நிஜ வாழ்க்கையில ஒலி எப்பவும் ஒளிக்கு அப்புறம்தான் வருது, அதுக்கு மூளை பழகிப் போச்சு. ஆக நடுப்புள்ளியை எடுத்தா, ஆடியோ கிட்டத்தட்ட 40 மில்லிசெகண்ட் பிந்தின இடத்துலதான் போய் நிப்போம்.

அதனால அளந்துடுவோம். ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை திரை வெள்ளையாகி, அதே நொடியில பீப் அடிக்கற ஒரு டெஸ்ட் வீடியோ போதும்:

```
ffmpeg -f lavfi -i "color=c=black:s=1280x720:r=24,drawbox=c=white:t=fill:enable='lt(mod(t,2),0.1)'" -f lavfi -i "aevalsrc='0.5*sin(2*PI*1000*t)*lt(mod(t,2),0.1)'" -t 60 -pix_fmt yuv420p -c:a pcm_s16le sync.mkv
```

`r=24` வேணும்னேதான் போட்டிருக்கு. நீங்க பார்க்கப்போற படம் எந்த ஃப்ரேம் ரேட்டோ, டெஸ்ட்டும் அதுலயே இருக்கணும். பிக்சர் மோடும் படம் பார்க்கும்போது வைக்கறதையே வையுங்க.

இப்போ போனை டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டர் தள்ளி வச்சு, 60 ஃப்ரேம்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி, அதே போன்ல அதே செட்டிங்ல, அதே தூரத்துல யாரையாவது கை தட்டச் சொல்லி ஒரு வீடியோ எடுங்க. போன் கேமராவுக்கே ஒரு ஆஃப்செட் இருக்கும், அதைக் கழிக்கத்தான் இந்தக் கைதட்டல். ரெண்டு வீடியோவையும் ஏதாவது எடிட்டர்ல போட்டு, ஆடியோ வேவ்ஃபார்ம்ல சத்தம் எழும்பற இடத்தையும் படத்துல அது நடக்கற ஃப்ரேமையும் ஒப்பிடுங்க. ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் என்பதால ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாம, பத்து பீப்புக்கு சராசரி எடுங்க.

காமன் ரூம் கணக்கு இப்படி வந்துச்சு. கைதட்டல்ல, கை சேர்ந்த ஃப்ரேமுக்கு அப்புறம் 20 மில்லிசெகண்ட் கழிச்சு சத்தம். அதாவது போனே ஆடியோவை 20 பிந்திக் காட்டுது. டிவி டெஸ்ட்ல, ஸ்மூத்திங் ஆன்ல, பீப் 110 முன்னாடி. ஆக நிஜமா முந்தறது 110 + 20 = 130. ஸ்மூத்திங் ஆஃப்ல 30 + 20 = 50. வித்தியாசம் 80, அந்த வழுக்கற படத்துக்கு நாம கொடுக்கற விலை அதுதான்.

விஎல்சில `K` அழுத்தினா ஒவ்வொரு தடவையும் ஆடியோ 50 மில்லிசெகண்ட் பிந்தும், `J` அழுத்தினா முந்தும். நமக்கு வேண்டியது 130. ரெண்டு தடவை அழுத்தினா 100, இன்னும் 30 முந்தும். மூணு தடவைன்னா 150, 20 பிந்தும். காது பிந்தறதைத்தான் மன்னிக்கும், அதனால 150 நல்லது. துல்லியமா வேணும்னா `Tools` மெனுவுல `Track Synchronization` போய் 0.130-ன்னே போட்டுடலாம். சவுண்ட்பாரோ ஏவி ரிசீவரோ வச்சிருக்கறவங்க அதுலயே `AV Sync`, `Lip Sync`, `Audio Delay` மாதிரி ஒரு செட்டிங்கைத் தேடுங்க. கணக்கு ஒண்ணுதான்.

செட் பண்ணின பிறகும் சொதப்பற இடங்கள் மூணு. முதலாவது, இந்த 130 அந்த ஒரு பிக்சர் மோடுக்கு மட்டும்தான். யாராவது கேம் மோடுக்கு மாத்தினா டிவி அந்த ப்ராசஸிங்கை வெட்டிடும், இப்போ ஆடியோ பிந்த ஆரம்பிக்கும். அப்போ ஆஃப்செட்டையும் குறைக்கணும்.

ரெண்டாவது, ஆடியோ ஆரம்பத்துலயே பிந்துற கேஸ். ப்ளூடூத் ஸ்பீக்கர்ல இது சகஜம். சவுண்ட்பார் டிலே செட்டிங்கால ஒண்ணும் பண்ண முடியாது, அது ஆடியோவை இன்னும் பிந்த வைக்கத்தான் தெரிஞ்சது. விஎல்சில மைனஸ் வேல்யூ கொடுக்கலாம், ஏன்னா ப்ளேயர் ஃபைலை முன்கூட்டியே படிக்க முடியும். லைவ் மேட்ச்ல அந்த வழியும் இல்ல, ஒயர் போட்டுடறதுதான் தீர்வு.

மூணாவது, படம் போகப் போக விலகல் கூடிட்டே போறது. அஞ்சாவது நிமிஷத்துல ஒரு டயலாக்கையும் கிளைமாக்ஸ்ல ஒரு டயலாக்கையும் பாருங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே விலகல்னா ஆஃப்செட் வேலை செய்யும். கிளைமாக்ஸ்ல அதிகம்னா கோளாறு ஃபைல்லதான், ஆடியோவும் வீடியோவும் வேற வேற வேகத்துல ஓடுது. அதுக்கு டிவியை நோண்டி பிரயோஜனம் இல்ல, வேற ஃபைல் தேடுங்க.