ஒரு பெயருக்கு எத்தனை கிலோ?

தமிழ்நாட்டு ஸ்மார்ட் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவரின் படம் இருக்கும் பக்கத்தில் PHH, NPHH என்று சில எழுத்துகள் அச்சாகியிருக்கும். கார்டு கைக்கு வந்ததும் பெயரில் பிழை இருக்கிறதா, கதவு எண் சரியா என்று பார்ப்பவர்கள்கூட இந்த எழுத்துகளைக் கண்டுகொள்வதில்லை. வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அரிசி கூடுமா, கூடாதா என்பதைச் சொல்வதே இவைதான்.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குடும்பங்களை முன்னுரிமை உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தது. தமிழ்நாடு 2016 நவம்பரில் இதில் சேர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் ரேஷன் என்ற தன் பழைய ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அதனால்தான் இங்கே இத்தனை வகை. PHH என்றால் முன்னுரிமைக் குடும்பம். PHH-AAY என்றால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழ்மையில் இருப்பவர்கள். NPHH முன்னுரிமை இல்லாதது. ஆனாலும் அரிசி உண்டு. NPHH-S அரிசிக்குப் பதில் சர்க்கரை வாங்கும் அட்டை. NPHH-NC எந்தப் பொருளும் வேண்டாம் என்று சொன்னவர்களுடையது.

மாமனார், மாமியார், மகன், மருமகள் என்று நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் ஐந்தாவதாக ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டை PHH என்றால் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ. எனவே 20 கிலோ 25 ஆகும். அந்தியோதயா என்றால் அட்டைக்கு 35 கிலோ என்பதுதான் கணக்கு, தலையை எண்ணுவதில்லை. குழந்தை வந்தாலும் அதே 35. NPHH என்றால் உச்ச வரம்பு 20 கிலோ. அதை ஏற்கெனவே தொட்டுவிட்ட குடும்பத்தில் குழந்தைக்கென்று ஒரு பிடி அரிசிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. சர்க்கரையும் அப்படித்தான். ஆளுக்கு அரை கிலோ, ஆனால் அட்டைக்கு 2 கிலோவுக்கு மேல் இல்லை. நாலு பேரோடு அந்த வரம்பு முடிந்துவிடுகிறது. பொங்கல் பரிசும் அட்டைக்கு ஒன்றுதான்.

அப்படியானால் எதற்காகப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்பதற்கு அரசு பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பெயர் சேர்க்க ஓடுவதைவிடக் குழந்தை தொட்டிலில் இருக்கும்போதே சேர்த்துவிடுவது நல்லது.

கார்டில் அச்சாகியிருக்கும் பெயர்ப் பட்டியல், அட்டையை அச்சடித்த நாளின் நிலவரம் மட்டுமே. உண்மையான பட்டியல் அரசின் சர்வரில் இருக்கிறது. கடைக்காரர் கார்டிலுள்ள க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யும்போது அவருடைய கருவி அங்கிருந்துதான் உங்கள் குடும்பத்தை எடுத்துக் காட்டுகிறது. கார்டு அந்தப் பதிவைத் திறக்கும் சாவி, அவ்வளவே. எனவே புதுப் பெயர் சேர்ந்த பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டையில் அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். tnpds.gov.in தளத்தில் பதிவான மொபைல் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு உள்ளே போனால் இன்றைய பட்டியல் தெரியும்.

சேர்ப்பதற்கான வேலை அந்தத் தளத்தில் தொடங்குவதில்லை, பிறப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். ஆனால் அப்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டோம். சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே வரும். பெயர் வைத்ததும் பதிவாளரிடம் போய் அதை ஏற்ற வேண்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பெயர் இல்லாத சான்றிதழால்தான் பலருடைய விண்ணப்பம் சிக்கிக்கொள்கிறது.

அடுத்தது ஆதார். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை. கருவிலேயே ரேகை உருவாகிவிட்டாலும், பச்சைக் குழந்தையின் விரலில் அது மிக நெருக்கமாகவும் மென்மையாகவும் இருப்பதால் கருவிகளால் நம்பகமாகப் படிக்க முடிவதில்லை. எனவே குழந்தையின் படம் மட்டும் எடுத்து, பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைத்து எண் தருகிறார்கள். ஐந்து வயதில் ரேகையைப் பதிய வேண்டும்.

அந்த 12 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முதல் 11 இலக்கங்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டால் அது கிடைக்கும். நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட முறை இது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலோ, 47 என்பதை 74 என்று மாற்றி அடித்தாலோ கணக்கு கண்டிப்பாக இடிக்கும். சர்வரைக் கேட்காமலே, எண் தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். பெயருக்கு இப்படி ஒரு காவல் கிடையாது. தமிழ்ப் பெயரை நாம்தான் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

இவை கையில் இருந்தால் மற்றது சுலபம். தளத்தில் உறுப்பினர் சேர்க்கும் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, உறவுமுறை, ஆதார் எண் ஆகியவற்றை நிரப்பி, சான்றிதழைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்யலாம். கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வட்ட வழங்கல் அலுவலர் ஒப்புதல் தந்தபின் பெயர் ஏறும். சென்னையில் இந்த வேலை மண்டல உதவி ஆணையருடையது.

ஒரு சிக்கலை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஓர் ஆதார் எண் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தால், முதலில் அங்கே நீக்க வேண்டும். அந்த நீக்கம் முடிந்த பிறகுதான் இங்கே சேர்க்க முடியும். நிறைய வீடுகளில் தாயின் பெயர் அங்கே இருப்பதால் குழந்தையையும் பாட்டி வீட்டு அட்டையில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு இரண்டு பெயரை நீக்கி, இரண்டு பெயரைச் சேர்த்து என்று வேலை இரட்டிப்பாகிறது. கல்யாணம் முடிந்த கையோடு பெயரை மாற்றிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

இறந்தவரை நீக்க இறப்புச் சான்றிதழ் போதும். இறந்தவரே குடும்பத் தலைவர் என்றால், முதலில் தலைவரை மாற்றிவிட்டுத்தான் நீக்க வேண்டும். தலைவர் இல்லாமல் ஓர் அட்டை இருக்க முடியாது. நீக்கினால் அரிசி குறைந்துவிடும் என்று பயந்து பல வீடுகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன NPHH வீட்டில் ஐந்து பேர் நாலு பேரானாலும் 20 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் அப்படியேதான் இருக்கும். PHH-ல் 5 கிலோ குறையும், உண்மைதான். அது இல்லாத ஒருவரின் பங்கு.

ஒப்புதல் கிடைத்த பிறகு தளத்தில் பட்டியலை ஒருமுறை பாருங்கள், PHH என்றால் அடுத்த மாத பில் எஸ்எம்எஸ்ஸில் அரிசி அளவையும் பாருங்கள். மாறவில்லை என்றால் 1967-க்கு போன் செய்யலாம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்குச் சான்றிதழ்களோடும் குறிப்பு எண்ணோடும் போனால் அதிகாரியை நேரிலேயே பார்க்கலாம்.