காணாத ஆண்டுகளில் தேறுமா வணிக விதி?

வாக் ஃபார்வர்டு சோதனை என்பது, ஒரு பங்கு வணிக விதியை அது உருவானபோது பார்த்திராத விலைகளில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும் முறை. அமெரிக்கரான ராபர்ட் பார்டோ 1992-இல் எழுதிய நூல் இதைப் பரவலாக்கியது.

நிஃப்டி 50 குறியீட்டில் ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். குறுகிய கால நகரும் சராசரி நீண்ட கால சராசரியை மேலே கடந்தால் வாங்க வேண்டும்; கீழே இறங்கினால் விற்க வேண்டும். குறுகிய சராசரிக்கு 5 முதல் 50 நாள் வரை ஐந்தைந்தாகப் பத்து அளவுகள். நீண்டதற்கு 60 முதல் 200 நாள் வரை இருபதிருபதாக எட்டு. ஆக, 80 இணைகள். 2005 முதல் 2024 வரையிலான விலைகள் முழுவதிலும் இவற்றை ஓட்டினால், ஏதாவது ஓர் இணை முதலிடம் பிடித்தே தீரும். விதியில் சாரமே இல்லாவிட்டாலும் இது நடக்கும். அந்த முதலிடத்தின் லாபத்தை மட்டும் காட்டும் பேக்டெஸ்ட், தற்செயலையும் திறமையையும் பிரித்துச் சொல்லாது.

வாக் ஃபார்வர்டு முறையில் 2005–2008 விலைகளை மட்டும் வைத்துச் சிறந்த இணை தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதை மாற்றாமல் 2009-இல் ஓட்டி, முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சாளரம் ஓராண்டு நகர்கிறது: 2006–2009-இல் தேர்வு, 2010-இல் சோதனை. இப்படியே 2024 வரை சென்றால் 16 சோதனை ஆண்டுகள் கிடைக்கும். தேர்வுக் காலத்து லாபத்தை ஒதுக்கிவிட்டு, இந்த 16 ஆண்டுகளை வரிசையாகக் கோத்தால் வருவதே விதியின் மதிப்பெண். தரகும் வரியும் அதில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றைய முடிவு விலையில் வரும் சைகைக்கு, மறுநாள் விலையில்தான் வாங்கியதாகக் கணக்கிட வேண்டும்.

தேர்வுக் காலங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 24 சதவீதமும் சோதனை ஆண்டுகளில் 9 சதவீதமும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 9-ஐ 24-ஆல் வகுத்தால் 0.375. இந்த விகிதம் பாதிக்கும் கீழே இருந்தால், தேர்வுக் கால லாபத்தின் பெரும்பகுதி பழைய விலைகளுக்கு ஏற்ப அளவுகளைத் திருத்தியதால் வந்தது என்று சந்தேகிக்கலாம். வேறு இரண்டு அறிகுறிகளும் உண்டு. 16 ஆண்டு லாபமும் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே குவிந்திருப்பது ஒன்று. தேர்வாகும் இணை ஓராண்டு 10–60, மறு ஆண்டு 45–200 என்று தாவுவது மற்றொன்று.

இம்முறையும் ஏமாற்றக்கூடும். முடிவு பிடிக்காமல், நான்காண்டுச் சாளரத்தை மூன்றாண்டாகவும் ஐந்தாண்டாகவும் மாற்றி, நல்லது வரும்வரை ஓட்டினால், சோதனை ஆண்டுகளும் பார்த்த ஆண்டுகளாகிவிடும். ஆகவே சாளரத்தின் நீளத்தை முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். கடைசி ஓரிரு ஆண்டுகளைத் தொடாமல் வைத்திருந்து, இறுதியில் ஒரே ஒருமுறை சோதிக்க வேண்டும். அதிலும் தேறாத விதியில் பணம் போடக் கூடாது.