பத்துப் பட்டையா, ஒன்பதா?

பிளஸ் டூ இயற்பியலில் ஒரு கணக்கு. இரண்டு பிளவுகளின் இடைவெளி 1 மி.மீ., திரை 1 மீட்டர் தொலைவில், ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர். ஒற்றைப் பிளவின் மையப் பெருமத்துக்குள் பத்து இரட்டைப் பிளவுப் பட்டைகள் அடங்க வேண்டும். ஒவ்வொரு பிளவும் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

இரட்டைப் பிளவின் பட்டை அகலம் λD/d, அதாவது 0.5 மி.மீ. பத்துக்கு 5 மி.மீ.

ஒற்றைப் பிளவில் a sinθ = λ என்றால் வெளிச்சமில்லை, இருட்டு. பிளவின் மேல்பாதியிலிருந்து வரும் ஒவ்வொரு அலையையும் கீழ்ப்பாதியின் அலை ஒன்று அரை அலைநீள வேறுபாட்டில் அழித்துவிடும். இருபுறமும் உள்ள முதல் சிறுமங்களுக்கு இடையே மையப் பெருமத்தின் அகலம் 2λD/a. இதை 5 மி.மீ.க்குச் சமப்படுத்தினால் a = 0.2 மி.மீ.

ஆனால் ஐந்தாவது பட்டை சரியாக அந்தச் சிறுமத்தின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். எனவே விடை பத்துப் பட்டை அகலங்கள். திரையில் எண்ணினால் ஒன்பது பட்டைகளே தெரியும்.