திரை வரிகளும் தமிழ் எழுத்தும்

வேற்றுமொழிப் படம் ஓடும்போது, பேச்சின் பொருளைத் திரையின் அடியில் இரண்டு வரிகளில் தமிழில் காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். சப்டைட்டில் என்று வழங்கும் இவ்வரிகள், கிரானிலே வயது முதிர்ந்தோரும் சிறுவர்களும் படித்து முடிக்குமுன் மறைந்துவிடுவதுண்டு. படிப்பவரின் திறமையைக் குறை கூறுமுன், வரியை அளந்த கோலைச் சோதிப்பது முறையாகும்.

இவ்வரிகளுக்கு நேரம், நீளம் என இரண்டு எல்லைகள் உண்டு. நேரத்தை முதலில் பார்ப்போம். பிபிசி நிறுவனத்தின் ஆங்கில வழிகாட்டி, நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்னும் வேகத்தைக் கூறுகிறது. 180 என்றால் நொடிக்கு மூன்று சொற்கள். 'ஐ வில் நாட் பி ஏபிள் டு கம் டுமாரோ' என்பது ஆங்கிலத்தில் எட்டுச் சொற்கள்; அதற்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் நொடி கிடைக்கும். அதையே, 'நாளை என்னால் வர இயலாது' என்று எழுதினால் நான்கே சொற்கள். அதே கணக்கின்படி இதற்கு ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். பொருள் குறைந்ததா? இல்லை. ஆங்கிலம் தனித்தனிச் சொற்களில் பரப்பியதைத் தமிழ் வேற்றுமை உருபாகவும் விகுதியாகவும் சொல்லுக்குள் அடக்கிவிட்டது. ஆகவே சொல்லை எண்ணி நேரம் வகுத்தால் தமிழ் படிப்பவர் ஏமாற்றப்படுகிறார்.

இனி நீளம். நெட்பிளிக்ஸ் ஆங்கில வரிக்கு, இடைவெளியும் நிறுத்தக்குறியும் உட்பட, 42 குறிகளை எல்லையாக வைத்துள்ளது. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ ஐந்து குறிகள். மகரத்தின் மேலுள்ள இகரக் குறியையும் ழகரத்தின் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' என்னும் பதின்மூன்று எழுத்துச் சொல், இம்முறையில் 25 குறிகளாகிவிடும். ஒரு வரியின் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. நடுவே முறித்தால் படிப்பவர் தடுமாறுவார்.

எண்ணிக்கை திரையின் அகலத்தையும் சரியாகக் காட்டாது. புள்ளி எழுத்தின் தலைமேல் அமர்வதால் அகலம் கூடுவதில்லை. ஆயினும் எண்ணிக்கை கூடுகிறது. 'கொ' இரண்டு குறிகளாகவே எண்ணப்படினும், கொம்பும் ககரமும் காலுமாக மூன்று இடங்களை அடைத்துக்கொள்கிறது.

ஆதலின் எண்ணை மட்டும் நம்பாது, வரியைத் திரையிலேயே இட்டுப் பார்த்தல் வேண்டும். படத்தை முன்பு காணாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வரியின் நடுவில் அவர் நிற்கையில் எழுத்து மறைந்தால் நேரம் போதவில்லை. அப்போது நேரத்தை நீட்டலாம். காட்சி இடந்தராவிடில் சொல்லைச் சுருக்கலாம். தொடர்ந்து நிகழ்ந்தமை கதைக்கு இன்றியமையாததன்று எனில், 'சொன்னார்கள்' என்றாலே போதும். 25 குறிகள் 11 ஆகிவிடும். ஆனால் 'இயலாது' என்பதிலுள்ள மறுப்பை விட்டுவிட்டால் கதையே தலைகீழாகும். எதைக் குறைக்கலாம், எதைத் தொடலாகாது என்பதை எந்த எண்ணும் சொல்லாது. வரியை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும்.