அச்சாரம் போக மீதி

சட்டக் கல்லூரிகளில் நடக்கும் மாதிரி நீதிமன்றத்தில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடங்களில்தான். அதுவரை சட்டப் பிரிவுகளைத் தெளிவாகச் சொல்லி வந்தவர், நேரம் முடியப்போவதாக அட்டை காட்டியதும் தடுமாறி, "எனவே நீதி வழங்குமாறு வேண்டுகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். எந்த நீதி, எத்தனை ரூபாய், யார் யாருக்குத் தர வேண்டும்? அதைச் சொல்லாவிட்டால் நீதிபதியால் உத்தரவு எழுத முடியாது.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். கல்யாண மண்டபம் ஒன்றின் வாடகை 5 லட்சம் ரூபாய். பெண் வீட்டார் பதிவு செய்த அன்று 25,000 ரூபாய் அச்சாரம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் 2,75,000 கட்டினார்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் கல்யாணம் நின்றுபோனது. 'காரணம் எதுவானாலும் கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்பது ஒப்பந்த வாசகம். மண்டபக்காரர் அதைக் காட்டி 3 லட்சத்தையும் வைத்துக்கொண்டார். அதே தேதிக்கு வேறொருவருக்கு 4,60,000 ரூபாய்க்கு மண்டபத்தை விட்டுவிட்டார் என்பதை அவருடைய பதிவேடே சொல்கிறது. கீழ் நீதிமன்றம் பெண் வீட்டாரின் வழக்கைத் தள்ளுபடி செய்ய, அவர்கள் மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

வழக்கின் நடுநாடி 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால் அதுதான் உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனால் அதே பிரிவில், உண்மையான இழப்பு நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்றும் இருக்கிறது. எதிர்த்தரப்பு பற்றிக்கொள்ளப் போவது இந்த வரியைத்தான். அதற்குப் பதில் 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கைலாஷ் நாத் வழக்கில் இருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையின் ஏலத்தில் கட்டப்பட்ட 78 லட்சம் ரூபாயைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை முன்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றது. இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை, கணக்குப் பார்க்க முடிகிற இழப்பை நிரூபித்தாக வேண்டும் என்று சொல்லி, பணத்தை வட்டியுடன் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கேதான் நல்ல நீதிபதி குறுக்கே கேட்பார்: "அந்த வழக்கில் ஏலம் எடுத்தவர் ஒப்பந்தத்தை மீறவே இல்லையே. உங்கள் கட்சிக்காரர் மீறியிருக்கிறாரே?" கேள்வி நியாயமானது. மழுப்பினால் அதுவரை சம்பாதித்த நம்பிக்கை போய்விடும். மீறல் நடந்ததை ஒப்புக்கொண்டு, பதே சந்த் வழக்குக்குப் போக வேண்டும். 1963-இல் தீர்ந்த அந்த வழக்கில் தவறியவர் வீடு வாங்க வந்தவர்தான். அவர் கொடுத்த 25,000 ரூபாயில் 1,000 அச்சாரம், 24,000 விலையின் பகுதி. அச்சாரத்தை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம், 24,000-ஐப் பறிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மீறியவருக்கும் பிரிவு 74 பாதுகாப்பு தருகிறது என்பதற்கு இதைவிட நேரான விடை இல்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும். அச்சாரம் தனி என்று ஆகிவிட்டால், நம் வழக்கில் 25,000 ரூபாய் கையை விட்டுப் போகும். அதனால்தான் நிறைவில் மாற்றுக் கோரிக்கை ஒன்று வேண்டும். முதல் கோரிக்கை தோற்றாலும் நீதிபதி கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? இரண்டு கோரிக்கையும் எழுத்துமூல வாதுரையில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். அங்கே இல்லாததை வாயால் கேட்டால், நீதிபதி முதலில் புரட்டுவது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். புதிய வாதத்துக்கும் இங்கே இடமில்லை. எதிர்த்தரப்பு பதில் சொல்ல முடியாத நேரத்தில் அதை நுழைப்பது முறையும் அல்ல.

அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை நான் இப்படிப் பேசுவேன்:

"மாண்புமிகு நீதிபதி அவர்களே, ஒப்பந்தம் மீறப்பட்டதை நாங்கள் மறுக்கவில்லை. அதனால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட இழப்பு எவ்வளவு என்பது மட்டுமே கேள்வி. 5 லட்சத்துக்குப் போக வேண்டிய மண்டபம் 4,60,000-க்குப் போனது. இழப்பு 40,000 ரூபாய். இது எங்கள் கணக்கு அல்ல, அவர்களுடைய பதிவேடு. அதற்கு மேல் ஒரு ரூபாய் இழப்புக்கும் அவர்கள் சான்று காட்டவில்லை. ஆகவே கீழ் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, 40,000 போக மீதி 2,60,000 ரூபாயை, வழக்குத் தாக்கல் செய்த நாள் முதல் இந்த மன்றம் தகுமெனக் கருதும் வட்டியுடன் திருப்பித் தர உத்தரவிடக் கோருகிறோம். அச்சாரம் தனியே பறிமுதலுக்கு உரியது என்று மன்றம் கருதினால், மாற்றாக அந்த 25,000-ஐயும் கழித்து 2,35,000 ரூபாயை அதே வட்டியுடன் தர உத்தரவிடக் கோருகிறோம். இரண்டில் எதுவானாலும், வழக்குச் செலவுத் தொகையையும் எங்களுக்கு வழங்க வேண்டுகிறோம்."