பேட்டரியின் முழங்கால்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் டொயோட்டா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 124 லித்தியம் அயனி செல்களைச் சோதித்தன. 2019-ல் 'நேச்சர் எனர்ஜி' இதழில் முடிவுகள் வந்தன. எல்லாம் ஒரே வகைச் செல்கள். ஒவ்வொன்றும் 1.1 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறு உருளை. அவற்றை 30 டிகிரி வெப்பத்தில் வைத்து, வெவ்வேறு வேகங்களில் சார்ஜ் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் அந்தச் செல்லின் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. சில செல்கள் 150 சுற்றிலேயே முடிந்துபோயின. சில 2,300 சுற்றுவரை ஓடின.

நூறாவது சுற்றில் நின்று கொள்ளளவை மட்டும் பார்த்தால் எது சீக்கிரம் போகும் என்று சொல்லியிருக்க முடியாது. அந்தக் கட்டத்தில் பத்தில் எட்டுச் செல்களின் கொள்ளளவு, தொடங்கியபோது இருந்ததைவிடச் சற்றுக் கூடியே இருந்தது. அதன்பின் வரைபடக் கோடு நெடுந்தூரம் மெல்லச் சரிகிறது, ஓரிடத்தில் மடங்கிச் சடாரென்று கீழே இறங்குகிறது. மடித்த காலைப்போல இருப்பதால் அந்த இடத்துக்கு 'முழங்கால்' என்று பெயர்.

மெல்லச் சரிவதற்குக் காரணம் எளிது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டு. அது வளர வளரக் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. படலம் தடிப்பதால் வளர்ச்சி வேகமும் குறையும். ஆக, காலம் போகப்போக இழப்பு மட்டுப்பட வேண்டும். பிறகு ஏன் திடீர்ச் சரிவு?

கிராஃபைட்டை ஒரு பேருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் 100 பேர், இருக்கைகள் 110. தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கூடுதலாக வைக்கும் இருக்கைகள் அவை. நூறு சுற்றுக்கு ஒரு பயணி குறைகிறார், மூன்று இருக்கைகள் உடைகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளியே நமக்குத் தெரிவது பயணிகளின் எண்ணிக்கை மட்டுமே: 99, 98, 97. இருக்கை உடைவது கணக்கில் வரவே வராது, ஏனென்றால் உடைபவை காலி இருக்கைகள். ஐந்நூறாவது சுற்றில் பயணிகள் 95, இருக்கைகளும் 95. அடுத்த இருக்கை உடையும்போது ஒருவருக்கு இடமில்லை.

இடம் கிடைக்காத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. இந்தப் படிவுதான் ஆபத்தானது. புதிய உலோகம் எலக்ட்ரோலைட்டுடன் உடனே வினைபுரிந்து இன்னும் படலத்தை உண்டாக்கும். அதில் மேலும் லித்தியம் வீணாகும். படலம் கிராஃபைட்டின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் அயனிகள் உள்ளே போகும் வழி குறுகி, வாசலிலேயே நெரிசலாகி, இன்னும் அதிகமாகப் படியும். படிவு அடைப்பைக் கூட்டுகிறது, அடைப்பு படிவைக் கூட்டுகிறது. காலி இருக்கைகள் தீராத செல்லிலும் இந்த அடைப்பு மட்டுமே முழங்காலைக் கொண்டுவந்துவிடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் உருவாக்கிய கணினி மாதிரி இதைத்தான் காட்டியது. குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் முழங்கால் முந்தி வருவதும் இதனால்தான்: குளிரில் அயனிகள் அடுக்குக்குள் நுழையத் தாமதமாகும், பின்னால் வருபவை வாசலில் குவியும்.

அப்படியானால் உடையும் காலி இருக்கைகளை முன்கூட்டியே பார்க்க முடியுமா? 124 செல்களின் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பத்தாவது சுற்றிலும் நூறாவது சுற்றிலும் சார்ஜ் இறங்கும்போது, ஒவ்வொரு வோல்ட்டேஜிலும் எவ்வளவு மின்சாரம் வெளியேறியிருந்தது என்று குறித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார்கள். மொத்தம் மாறாவிட்டாலும் அது வெளிவரும் விதம் மாறியிருந்தது. கிராஃபைட் படிப்படியாக நிரம்பிக் காலியாகும் பொருள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வோல்ட்டேஜ் உண்டு. இருக்கைகள் குறைந்தால் படிகள் இடம் மாறும். அந்த வேறுபாடு வோல்ட்டேஜுக்கு வோல்ட்டேஜ் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, செல்லின் ஆயுள் அவ்வளவு குறைவு. முதல் நூறு சுற்றுகளை மட்டும் வைத்து மொத்த ஆயுளைச் சராசரியாகச் சுமார் 9 சதவீதப் பிழையில் அவர்களால் கணிக்க முடிந்தது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். அந்தச் செல்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, வெப்பநிலை மாறாத ஆய்வுக்கூடத்தில் ஓடியவை. நிக்கல் கலந்த செல்களில் எலக்ட்ரோலைட் வற்றுவது, மின்தடை ஏறுவது என்று வேறு வழிகளிலும் முழங்கால் வரும்.

பழைய மின்வாகன பேட்டரியை விலைக்கு வாங்குபவரிடம் '85 சதவீதம் இருக்கிறது' என்று சொல்வார்கள். பொய்யாக இருக்காது. ஆனால் அது பயணிகளின் கணக்கு. முழங்காலுக்கு வெகு முன்னால் நிற்கும் பேட்டரியும், அதன் விளிம்பில் நிற்கும் பேட்டரியும் அதே 85-ஐத்தான் காட்டும். ஐந்து ஆண்டில் 15 சதவீதம் போனது, இன்னும் ஐந்து ஆண்டில் 15 போகும் என்று கோடு போடுவது, முழங்காலே இல்லை என்று நினைத்துப் போடுவது. மெதுவாக ஏற்றி இறக்கி எடுத்த வோல்ட்டேஜ் வரைகோடும், பேட்டரி புதிதாக இருந்தபோது எடுத்த வரைகோடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இருக்கைகளை எண்ண முடியும்.