கோவாவுக்குச் சூடு போதும், கம்புக்குப் போதாது

தைரொயிட் சுரப்பு குறைவு என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து பல வீடுகளில் கோவாவுக்கும் கோலிபிளவருக்கும் தடை விழுந்துவிடுகிறது. அதே வீட்டில், சீனி வருத்தத்துக்கு நல்லதென்று விடியற்காலையில் குரக்கன் கஞ்சி காய்ச்சுவார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் இந்த இரண்டையும் ஒரே அடுப்படியில் காணலாம். இவற்றில் எது சுரப்பியைத் தொடுகிறது, சமைத்தால் அது மாறுமா என்பதைப் பார்ப்போம்.

முயல்களில் தொடங்கிய சந்தேகம்

1928இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செஸ்னியும் அவரோடு வேலை செய்தவர்களும் வேறொரு நோயை ஆராய முயல் வளர்த்தார்கள். முயல்களுக்கு முக்கிய தீனி கோவா இலை. நாளடைவில் அவற்றின் கழுத்துச் சுரப்பி வீங்கிப் பெருத்தது. கோவாவுக்கும் கழலைக்கும் தொடர்பு உண்டென்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

காரணம் பிறகு தெரிந்தது. கோவா, கோலிபிளவர், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் திசுக்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கும். இலையை வெட்டும்போதும் மெல்லும்போதும் இரண்டும் கலக்கின்றன. பச்சைக் கோவாவை நறுக்கியதும் மூக்கில் ஏறுகிற காரநெடி இந்தக் கலப்பிலிருந்து வருவதுதான். அப்படிப் பிறக்கும் பொருட்களில் தயோசயனேட், சுரப்பிக்குள் அயடின் நுழைவதற்குப் போட்டியாக நிற்கும். கொய்ட்ரின் என்பது, உள்ளே போன அயடினைக் கொண்டு ஹோர்மோன் செய்யும் வேலையை மட்டுப்படுத்தும்.

சூடு என்ன செய்கிறது

மைரோசினேஸ் ஒரு புரதம். நன்றாக வேகும் சூட்டில் அது செயலிழந்துவிடும். நொதி இல்லாவிட்டால் குளுக்கோசினோலேட் பெரும்பாலும் உடையாமலே இருக்கும். தண்ணீரில் அவித்தால் அதில் ஒரு பகுதி அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஆகவே கோவாவைச் சமைத்தால் கழலைப் பயம் குறையும் என்பது உண்மையே. முற்றாக ஒழியாது, ஏனென்றால் குடலிலுள்ள பக்டீரியாக்களும் எஞ்சியதில் கொஞ்சத்தை உடைக்கும்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதிலும் வித்தியாசம் உண்டு. தேங்காய்ப்பூப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி இறக்கிய கோவாச் சுண்டல் பாதிப் பச்சைதான். நொதியில் ஒரு பங்கு அதில் பிழைத்திருக்கும். மூடிபோட்டு மெத்தென்று வேகவைத்ததில் அது அநேகமாக மிஞ்சாது. அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் இன்னும் குறையும். ஆனால் விற்றமின் சீயும் ஃபோலேற்றும் அதோடு சேர்ந்து போய்விடும். சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவர் இதற்காகத் தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டிய தேவை இல்லை.

எவ்வளவு தின்றால் ஆபத்து

பச்சை இலையால் ஒருவர் உண்மையாகவே விழுந்த நிகழ்வு ஒன்று 2010இல் மருத்துவ இதழில் வந்தது. நியூயோர்க்கில் 88 வயதுப் பெண் ஒருவர், சீனியைக் கட்டுப்படுத்தலாமென்று, கோவாக் குடும்பத்தைச் சேர்ந்த பொக்சோய் கீரையைப் பல மாதங்கள் பச்சையாகத் தின்றார். தினமும் 1 முதல் 1.5 கிலோகிராம். கடைசியில் தைரொயிட் ஹோர்மோன் அறவே வற்றி, நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அந்த அளவு, சந்தையில் வாங்கும் நடுத்தரக் கோவா ஒன்றை ஒவ்வொரு நாளும் பச்சையாகத் தின்று முடிப்பதற்குச் சமம். பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் சலாட்டிலும் கொத்து ரொட்டியிலும் இருப்பது கைப்பிடி கோவாதான். எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 1986இல் பிரித்தானியாவில், இதே குடும்பத்துப் பிரசல்ஸ் முளைக்கோவாவை அவித்து, ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு 150 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்தார்கள். அவர்களுடைய தைரொயிட் அளவுகள் மாறவில்லை.

அடுத்த நிபந்தனை அயடின். தயோசயனேட் அயடினோடு போட்டி போடுவது. அயடின் போதியளவு இருந்தால் அந்தப் போட்டியில் தயோசயனேட் தோற்கும். 1986இல் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. களுத்துறையில் 30க்கும் மேல். 1990களில் அயடின் உப்பு கட்டாயமானபின் நிலைமை மாறியது. இன்று சுரப்புக் குறைவுக்குப் பெரிய காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கும் ஹஷிமோட்டோ நோய். கோவாவை விட்டால் அது மாறாது. வீட்டில் அயடின் உப்பும் கடல்மீனும் புழங்குகிற கரையோர ஊரில் கோவாவுக்கு அஞ்சக் காரணம் இன்னும் குறைவு.

கம்பு வேறு, குரக்கன் வேறு

சிறுதானியத்தில் கதை மாறுகிறது. சூடானின் டார்பூரில் கம்பு முக்கிய உணவு, அயடினோ குறைவு. அங்கே கழலை மிகுதியாக இருந்தது. 1989இல் கெய்ற்றான் குழுவினர் கம்பிலுள்ள வைட்டெக்சின் போன்ற ஃபிளவோன்களைப் பிரித்தெடுத்து, அவை ஹோர்மோன் செய்யும் நொதியைத் தடுப்பதைக் காட்டினார்கள்.

கோவாவில் சூடு பலிப்பது, தடைப்பொருளை உண்டாக்கும் நொதி அதில் சாவதால். கம்பில் தடைப்பொருள் முன்னமே தானியத்துக்குள் இருக்கிறது. சாகடிக்க நொதி இல்லை. அதனால் கூழாகக் காய்ச்சினாலும் ரொட்டியாகச் சுட்டாலும் அது போய்விடும் என்று நம்ப முடியாது. அது அதிகம் தவிட்டில் இருப்பதால், தவிடு நீக்கினால்தான் குறையும்.

இந்தச் சான்று முக்கியமாகக் கம்புக்கும், மேற்காபிரிக்காவின் ஃபோனியோ என்ற தானியத்துக்கும் உரியது. நாம் பிட்டுக்கும் ரொட்டிக்கும் எடுக்கும் குரக்கனுக்கோ, தினை, சாமைக்கோ அதே பழியைச் சுமத்த ஆதாரம் போதாது. சுரப்புக் குறைவு உள்ளவர் கம்பையே அன்றாடச் சோறாக்காமல் இருந்தால் சரி.

மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது

தைரொக்சின் மாத்திரையில் வருவது செய்து முடித்த ஹோர்மோன். கோவாவும் கம்பும் தடுப்பது சுரப்பி ஹோர்மோன் செய்யும் வேலையை. சுரப்பி முற்றாக வேலை நிறுத்தி முழு அளவு மாத்திரையில் இருப்பவருக்கும், அறுவையில் சுரப்பியை எடுத்தவருக்கும் இந்தத் தடை ஏறக்குறையப் பொருந்தாது. கவனம் வேண்டியவர்கள், சுரப்பி பாதி வேலை செய்து இன்னும் மாத்திரை தொடங்காதவர்களும், அயடின் தேவை கூடிய கர்ப்பிணிகளும்.

மாத்திரைக்காரருக்குக் குரக்கன் தொல்லை தருவது வேறு வழியில். அதில் நார் அதிகம். 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. நார் மிகுந்த உணவும் கல்சியமும் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியவை. மாத்திரையை விழுங்கிய கையோடு குரக்கன் கஞ்சியோ பால்தேநீரோ குடித்தால் மருந்தின் ஒரு பங்கு வீணாகும். வெறும் வயிற்றில் வெறுந் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கல்சிய மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நோன்பு மாதத்தில், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது எடுக்கலாம். அல்லது ஸஹருக்கு ஒரு மணி நேரம் முன்னே எழும்பி எடுக்கலாம். எது தோதென்று டொக்டரிடம் நோன்புக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரி.எஸ்.எச். ஏறியிருந்தால் கோவாவைச் சந்தேகிப்பதற்கு முன் மாத்திரை தவறியதா, சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தீர்களா, புதிதாக இரும்போ கல்சியமோ தொடங்கினீர்களா என்று பாருங்கள். நேரத்தைச் சீராக்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் சோதித்தால், பிழை நேரத்திலா அளவிலா என்பது தெரியும். அளவைத் தாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கர்ப்பம் தரித்தது தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட நேரிடும்.